தட்டையாகும் முக்கோணம்: சிம்சன் கோடு பற்றிய ஓர் ஆய்வு

வரைபடத்தாளில் சென்டிமீட்டரை அலகாகக் கொண்டு A (2, 4), B (0, 0), C (6, 0) என்று மூன்று புள்ளிகளைக் குறித்து முக்கோணம் வரைவோம். இதன் சுற்றுவட்ட மையம் O (3, 1). ஆரம் √10, அதாவது ஏறக்குறைய 3.16 செ.மீ. வட்டத்தை வரைந்தால் அது P (4, 4) என்ற புள்ளி வழியாகவும் போகிறது. இப்போது P-யிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்துகளை இறக்க வேண்டும். BC-யின் மேல் அடி D (4, 0). CA-யின் மேல் அடி E (3, 3). AB-யின் மேல் இறக்கும்போது செங்குத்து பக்கத்தில் விழாமல் A-யைத் தாண்டிய நீட்சியில் விழுகிறது, அந்த அடி F (2.4, 4.8).

D-யிலிருந்து E-க்குச் சாய்வு −3. E-யிலிருந்து F-க்கும் சாய்வு −3. மூன்று அடிகளும் y = 12 − 3x என்ற ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கின்றன. P-யை வட்டத்தின் வேறு எந்த இடத்துக்கு நகர்த்தினாலும் கோடு மாறும். ஆனால் அடிகள் மூன்றும் ஏதோ ஒரு கோட்டில் நிற்பது மாறாது. வட்டத்தை விட்டு P விலகினால் அந்த நொடியே கோடு உடைந்து முக்கோணம் ஆகிவிடும்.

இதுவே சிம்சன் கோடு. இதற்கு நிரூபணங்கள் பல உண்டு. ஆனால், பாடநூல்களில் வழக்கமாக வரும் நிரூபணம் தேற்றம் உண்மை என்று காட்டுகிறதே தவிர, ஏன் சுற்றுவட்டத்தில் மட்டும் இது நடக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைத் தொடர்ந்து போவதே இக்கட்டுரை.

பெயர் யாருக்கு உரியது

ராபர்ட் சிம்சன் (1687–1768) கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டு கணிதம் கற்பித்தவர். 1756-ல் அவர் வெளியிட்ட யூக்ளிட் பதிப்பு, பல தலைமுறை ஆங்கில மாணவர்களின் வடிவியல் பாடநூலாக இருந்தது. ஆனால் அவருடைய எழுத்துகளில் எங்கும் இந்தத் தேற்றம் இல்லை. இதை முதலில் அச்சில் தந்தவர் வில்லியம் வாலஸ் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1799. சிம்சன் இறந்த அதே 1768-ல், சில நாள்களுக்கு முன்பு பிறந்தவர் அவர். எடின்பரோவில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். கணிதத்தைத் தாமாகவே படித்து முன்னேறி, 1819-ல் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பெயர்க் குழப்பம் பிரான்சில் தொடங்கியது. 1814-ல் செர்வுவா என்பவர் இத்தேற்றத்தைப் பயன்படுத்தும்போது, இது சிம்சனுடையது என்று தாம் நினைப்பதாக எழுதினார். அவர் ஐயத்தோடு சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் ஐயமின்றித் திருப்பிச் சொன்னார்கள். 1890-களின் தொடக்கத்தில் எடின்பரோவின் ஜே. எஸ். மக்கே பழைய இதழ்களைத் தேடிப் பார்த்து உண்மையை எழுதினார். அதற்குள் பெயர் வேரூன்றிவிட்டது. இன்று சில நூல்கள் இதை வாலஸ் கோடு என்றும், சில நூல்கள் சிம்சன்–வாலஸ் கோடு என்றும் குறிக்கின்றன. நான் பழகிய பெயரையே பயன்படுத்துகிறேன், உரிமை வாலஸுக்கே.

வழக்கமான நிரூபணம்

இதற்கு வட்ட நாற்கரத்தின் பண்புகள் போதும். நம் உதாரணப் படத்தையே எடுத்துக்கொள்வோம். வட்டத்தில் A, B, C, P என்ற வரிசையில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன.

PEC, PDC இரண்டும் செங்கோணங்கள். ஆகவே E, D இரண்டும் PC-யை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் உள்ளன. அதே போல் PEA, PFA செங்கோணங்கள் என்பதால் E, F இரண்டும் PA-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் உள்ளன. இந்த இரண்டு சிறிய வட்டங்களும்தான் நிரூபணத்தின் கருவிகள்.

PA-வின் வட்டத்தில் AF என்ற நாண் E-யிலும் P-யிலும் சம கோணங்களை உண்டாக்கும்: ∠AEF = ∠APF. செங்கோண முக்கோணம் PFA-வில் ∠APF = 90° − ∠PAF. இங்கே ∠PAF என்பது ABCP என்ற வட்ட நாற்கரத்தின் A-யில் உள்ள வெளிக்கோணம். அது எதிர் உள்கோணமான ∠PCB-க்குச் சமம். எனவே ∠APF = 90° − ∠PCD. செங்கோண முக்கோணம் PDC-யில் பார்த்தால் இதுவே ∠CPD. PC-யின் வட்டத்தில் CD என்ற நாண் P-யிலும் E-யிலும் சம கோணங்களை உண்டாக்குவதால், ∠CPD = ∠CED.

சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்தால் ∠AEF = ∠CED. A, E, C ஒரே கோட்டில் உள்ளன. F-ம் D-ம் அக்கோட்டின் இரு எதிர்ப் பக்கங்களில் உள்ளன. குத்தெதிர்க் கோணங்கள் சமமாக இருப்பதால் F, E, D ஒரே கோட்டில் அமைந்தே ஆக வேண்டும்.

நிரூபணம் அழகானது. ஆனால் அதன் ஒவ்வொரு படியும் படத்தை நம்பி நிற்கிறது. E என்பது A-க்கும் C-க்கும் இடையில் இருக்கிறது, F என்பது A-யைத் தாண்டி இருக்கிறது, F-ம் D-ம் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்பதையெல்லாம் நாம் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொண்டோம். P-யை வேறு இடத்தில் வைத்தால் சமமாக இருந்த இரு கோணங்கள் கூட்டி 180° ஆகும் கோணங்களாக மாறிவிடலாம். குறுங்கோண முக்கோணத்தில், P ஓர் உச்சியிலோ உச்சிக்கு நேர் எதிர்ப் புள்ளியிலோ இல்லாத வரை, எப்போதும் இரண்டு அடிகள் பக்கங்களின் மேலும் ஒன்று நீட்சியிலும் விழும். விரிகோண முக்கோணத்தில் மூன்று அடிகளும் நீட்சிகளிலேயே விழுந்து, சிம்சன் கோடு முக்கோணத்தைத் தொடாமலே போகிற நிலையும் உண்டு. ஒரே படத்தை வரைந்து எழுதிய நிரூபணம் இந்த நிலைகளுக்கு அப்படியே பொருந்தாது. போட்டித் தேர்வுகளில் இங்கேதான் மதிப்பெண் குறைகிறது: எழுதிய கோணங்கள் சரியாகவே இருக்கும், ஆனால் படத்தின் ஒரு நிலைக்கு மட்டுமே சரியாக இருக்கும். ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு எப்போதும் இடஞ்சுழியாகவே கோணத்தை அளந்து, 180°-யின் மடங்குகளைக் கணக்கில் கொள்ளாமல் விடும் திசைக்கோண முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அந்த முறையில் எழுதினால் எல்லா நிலைகளும் ஒரே வரிசையில் அடங்கும்.

ஆனாலும் ‘ஏன் சுற்றுவட்டம்’ என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு P-யை வட்டத்தை விட்டு வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

வட்டம் ஓர் எல்லை

P தளத்தில் எங்கு இருந்தாலும் மூன்று அடிகள் உண்டு; அவை சேர்ந்து DEF என்ற முக்கோணம் ஆகும். இதை அடிமுக்கோணம் என்போம். P-யை மையமான O (3, 1)-ல் வைத்தால் அடிகள் பக்கங்களின் நடுப்புள்ளிகளே: (3, 0), (4, 2), (1, 2). இந்த அடிமுக்கோணத்தின் பரப்பு 3 ச.செ.மீ.; ABC-யின் பரப்பான 12-ல் கால் பங்கு. A, B, C எந்தச் சுழற்சியில் வருகின்றனவோ, D, E, F-ம் அதே சுழற்சியில், இடஞ்சுழியாக வருகின்றன.

இனி P-யை வட்டத்துக்கு வெளியே (4, 5)-ல் வைப்போம். அடிகள் D (4, 0), E (2.5, 3.5), F (2.8, 5.6). பரப்பு 2.1. ஆனால் இப்போது D, E, F வலஞ்சுழியாக வருகின்றன. உள்ளே இருந்தபோது ஒரு முகத்தைக் காட்டிய அடிமுக்கோணம், வெளியே வந்ததும் மறுமுகத்தைக் காட்டுகிறது. இடையில் எங்கோ அது புரண்டிருக்கிறது. ஒரு முக்கோணம் தளத்தை விட்டு எழாமல் புரள வேண்டுமானால், ஒரு கணம் தட்டையாகி, பரப்பே இல்லாமல் கோடாகத்தான் வேண்டும். சிம்சன் கோடு என்பது அந்தக் கணம்.

அந்தக் கணம் சரியாக வட்டத்தில்தான் வரும் என்பதற்குக் கோணங்களைத் தேடாத ஒரு நிரூபணம் இருக்கிறது. ஒரு கோட்டின் மேல் P-யிலிருந்து இறக்கும் செங்குத்தின் அடி எங்கே விழும் என்பதை P-யின் ஆயத்தொலைவுகளான x, y-யைக் கொண்டு எழுதினால், ஒருபடிக் கோவைதான் கிடைக்கும். முக்கோணத்தின் பரப்பு, உச்சிகளின் ஆயத்தொலைவுகளை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டிக் கழித்துக் கிடைப்பது. ஆகவே, சுழற்சித் திசைக்கு ஏற்பக் கூட்டல் கழித்தல் குறியோடு எடுத்த DEF-இன் பரப்பு, x, y-யில் ஓர் இருபடிக் கோவை. அந்தக் கோவை எங்கே பூச்சியமாகிறதோ அங்கேதான் அடிகள் ஒரு கோட்டில் நிற்கும்.

அது பூச்சியமாகும் ஆறு புள்ளிகளைக் கணக்கே போடாமல் சொல்லிவிடலாம். P உச்சி A-யிலேயே இருந்தால் E, F இரண்டும் A-யிலேயே விழும்; இரண்டு அடிகள் ஒன்றாகிவிட்டதால் பரப்பு இல்லை. B, C-க்கும் அப்படியே. P என்பது A-க்கு நேர் எதிரே விட்டத்தின் மறுமுனையில் இருந்தால், அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதால் AB-யின் மேல் அடி B, AC-யின் மேல் அடி C. மூன்று அடிகளும் BC-யிலேயே கிடக்கும். நம் உதாரணத்தில் அந்தப் புள்ளி (4, −2). அடிகள் (4, 0), (0, 0), (6, 0). மற்ற இரு உச்சிகளின் எதிர்ப் புள்ளிகளுக்கும் இதே கதை. ஆக, சுற்றுவட்டத்தில் ஆறு புள்ளிகளில் அந்த இருபடிக் கோவை பூச்சியம்.

இரண்டு வெவ்வேறு இருபடி வளைவுகள், பொதுவான பகுதி எதுவும் இல்லாத வரை, நான்கு புள்ளிகளுக்கு மேல் வெட்டிக்கொள்ள முடியாது. இங்கே ஆறு புள்ளிகள் பொதுவாக இருக்கின்றன. வட்டம் சிறு பகுதிகளாகப் பிரியாத வளைவு. எனவே பரப்பு பூச்சியமாகும் வளைவு சுற்றுவட்டமேதான்; கோவை, வட்டத்தின் சமன்பாட்டை ஓர் எண்ணால் பெருக்கியது. அந்த எண்ணை மையத்தில் இருந்து பெறலாம்: P மையத்தில் இருக்கும்போது பரப்பு ABC-யில் கால் பங்கு. ஆகவே,

DEF-இன் பரப்பு = (ABC-யின் பரப்பு ÷ 4) × (1 − OP²/R²)

(4, 5)-க்கு OP² = 17, R² = 10. சூத்திரம் 3 × (1 − 1.7) = −2.1 தருகிறது. அளந்த பரப்பும் திசையும் இரண்டுமே ஒத்துப்போகின்றன. செங்கோண முக்கோணத்தில் மட்டும் எதிர்ப் புள்ளிகளில் இரண்டு உச்சிகளோடு ஒன்றிவிடுவதால் ஆறு புள்ளிகள் நான்காகக் குறையும். அங்கே, அருகிலுள்ள செங்கோணமில்லாத முக்கோணங்களுக்குச் சூத்திரம் உண்மை என்பதால், எல்லையிலும் அது உண்மையாகிறது.

இந்தச் சூத்திரம் ஒரே அடியில் இரண்டையும் தருகிறது: P வட்டத்தில் இருந்தால் அடிகள் ஒரு கோட்டில் நிற்கும், அடிகள் ஒரு கோட்டில் நின்றால் P வட்டத்தில்தான் இருக்கும். மையத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் அடிமுக்கோணத்தின் பரப்பு ஒன்றே என்ற கூடுதல் செய்தியும் இதற்குள் இருக்கிறது.

கையால் வரைபவருக்கும் இதனால் பயன் உண்டு. P-யை (4, 4)-க்குப் பதிலாக ஒரு மில்லிமீட்டர் மேலே (4, 4.1)-ல் வைத்துவிட்டால் அடிமுக்கோணத்தின் பரப்பு 0.183 ச.செ.மீ.; DF என்ற நீண்ட பக்கம் 5.12 செ.மீ. ஆகவே நடு அடியான E, அந்தக் கோட்டை விட்டு 0.7 மில்லிமீட்டர் விலகி நிற்கும். கூர்மையான பென்சிலோடு வரைந்தால் இது கண்ணுக்குத் தெரியும். அடிகள் கோட்டில் சேரவில்லை என்றால், செங்குத்துகளைச் சந்தேகிக்கும் முன் P உண்மையிலேயே வட்டத்தின் மேல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தாலமியின் சமன்பாடு

அடிமுக்கோணத்தின் பக்க நீளங்களைத் தேடினால் வேறொரு வாசல் திறக்கிறது. E, F இரண்டும் PA-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் இருக்கின்றன. EF என்ற நாண் அந்த வட்டத்தின் A என்ற புள்ளியில் முக்கோணத்தின் கோணம் A-யையோ அதன் மிகைநிரப்பிக் கோணத்தையோ உண்டாக்குகிறது. ஆகவே EF = PA × sin A. சைன் விதிப்படி sin A = BC/2R. எனவே EF = PA × BC ÷ 2R. இதே போல் FD = PB × CA ÷ 2R, DE = PC × AB ÷ 2R. இது P எங்கிருந்தாலும் உண்மை.

மூன்று புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்கின்றன என்றால், இரண்டு சிறிய தூரங்களின் கூடுதல் பெரிய தூரத்துக்குச் சமம். மூன்றுக்கும் பொதுவான 2R-ஐ நீக்கினால், P என்பது வில் CA-யில் இருக்கும்போது,

PA × BC + PC × AB = PB × CA

ABCP என்ற வட்ட நாற்கரத்தில் PB-யும் CA-யும் மூலைவிட்டங்கள்; மற்றவை எதிரெதிர்ப் பக்கங்கள். எதிர்ப் பக்கங்களின் பெருக்கற்பலன்களைக் கூட்டினால் மூலைவிட்டங்களின் பெருக்கற்பலன் கிடைக்கும் என்ற தாலமியின் தேற்றம்தான் இது. அலெக்சாந்திரியாவில் இருந்து வானத்தை அளந்த தாலமி நாண்களின் அட்டவணையைக் கணக்கிட இதைத்தான் கருவியாக வைத்திருந்தார். நம் P (4, 4)-க்கு PA = 2, BC = 6; PC, AB இரண்டும் √20; PB, CA இரண்டும் √32. 12 + 20 = 32. அடிகளுக்கு இடையேயான தூரங்களும் இதே விகிதத்தில் இருக்கின்றன: FE, ED, FD ஆகியவை 3 : 5 : 8.

P வட்டத்தை விட்டு விலகினால் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரியதாகிறது. அது முக்கோணச் சமனின்மை. தாலமியின் சமன்பாட்டுக்குப் பதில் தாலமியின் சமனின்மை. சிம்சன் கோட்டின் உண்மையும் தாலமி தேற்றத்தின் உண்மையும் ஒரே உண்மையின் இரண்டு எழுத்து வடிவங்கள் என்று இதனால் சொல்ல முடிகிறது: ஒன்றைப் பரப்பின் மொழியிலும் மற்றொன்றை நீளத்தின் மொழியிலும் படிக்கிறோம்.

கோடு எங்கே போகிறது

அடிகள் ஒரு கோட்டில் நிற்கின்றன என்பது தெரிந்தபின், அந்தக் கோடு முக்கோணத்துக்குள் என்ன தொடர்பு வைத்திருக்கிறது என்ற கேள்வி வருகிறது. இதற்கு P (4, 4) சிறப்பான புள்ளி. அதை வைத்துச் சோதித்தால் தற்செயலை விதி என்று நினைத்துவிடக்கூடும். வேறு புள்ளி எடுப்போம்: P (1.2, 3.6). மையத்திலிருந்து இதன் தூரத்தின் வர்க்கம் 3.24 + 6.76 = 10; எனவே வட்டத்தில்தான் இருக்கிறது. அடிகள் D (1.2, 0), F (1.68, 3.36), E (1.8, 4.2). சாய்வு 7.

இப்போது PD-யைக் கீழே நீட்டி வட்டத்தை மறுபடி வெட்டும் இடத்தை K என்போம். K (1.2, −1.6). A-யையும் K-யையும் சேர்த்தால் அதன் சாய்வும் 7. இது தற்செயல் இல்லை. AP என்ற வில் K-யிலும் B-யிலும் சம கோணங்களை உண்டாக்குகிறது: ∠AKP = ∠ABP. PB-யை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் F-ம் D-ம் இருப்பதால் ∠FBP = ∠FDP. இரண்டையும் சேர்த்தால் ∠AKP = ∠FDP. K-ம் D-ம் P வழியாகப் போகும் ஒரே கோட்டில் இருப்பதால், AK-யும் DF-ம் இணையாகின்றன. ஆகவே சிம்சன் கோட்டை வரைய மூன்று செங்குத்துகள் தேவையில்லை. ஒன்றை இறக்கி, K-யைக் கண்டு, D வழியாக AK-க்கு இணைகோடு வரைந்தால் போதும்.

இந்த இணைகோட்டிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, செங்கோட்டு மையம் H பற்றியது. H-ஐ BC-யில் பிரதிபலித்தால் அது சுற்றுவட்டத்தில் விழும் என்பது பழைய பண்பு; நம் முக்கோணத்தில் H (2, 2), அதன் பிம்பம் (2, −2). A-யிலிருந்து அந்தப் பிம்பத்துக்குப் போகும் நாணும் P-யிலிருந்து K-க்குப் போகும் நாணும் இரண்டுமே BC-க்குச் செங்குத்து. ஆகவே அவற்றின் முனைகள் ஓர் இருசமபக்கச் சரிவகம் ஆகின்றன. பிம்பத்தையும் P-யையும் சேர்க்கும் கோடு, AK-யின் சாய்வை எதிர்க்குறியோடு கொண்டிருக்கும். அதை BC-யில் பிரதிபலித்தால் H-ம் P-யின் பிம்பமும் சேரும் கோடு AK-க்கு இணையாகிறது. D என்பது P-க்கும் அதன் பிம்பத்துக்கும் நடுப்புள்ளி. எனவே D வழியாகப் போகும் சிம்சன் கோடு, PH-இன் நடுப்புள்ளி வழியாகவும் போயாக வேண்டும். நம் எண்களில் அந்த நடுப்புள்ளி (1.6, 2.8), D-யிலிருந்து அதற்குச் சாய்வு 2.8 ÷ 0.4 = 7. சரியாக வருகிறது. P வட்டத்தைச் சுற்றும்போது PH-இன் நடுப்புள்ளிகள் ஒன்பது புள்ளி வட்டத்தைச் சுற்றுகின்றன. ஆகவே ஒவ்வொரு சிம்சன் கோடும் அந்தச் சிறு வட்டத்தைத் தொட்டோ வெட்டியோதான் போகும்.

இரண்டாவது முடிவு கோட்டின் திருப்பம் பற்றியது. P வட்டத்தில் ஒரு திசையில் நகர்ந்தால், BC-க்குச் செங்குத்தான நாணின் மறுமுனையான K அதே அளவு எதிர்த்திசையில் நகர்கிறது. A நிலையாக இருப்பதால் AK என்ற கோடு, K கடந்த வில்லில் பாதி அளவு திரும்புகிறது. ஆகவே P முன்னேறும் கோணத்தில் பாதி, எதிர்த்திசையில்: இதுவே சிம்சன் கோட்டின் திருப்பம். விட்டத்தின் இரு முனைகளில் உள்ள புள்ளிகளுக்கு 180°-இன் பாதி 90°; அவற்றின் சிம்சன் கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. (4, 4)-க்கு எதிரே உள்ள புள்ளி (2, −2). அதன் அடிகள் (2, 0), (5, 1), (−0.4, −0.8), சாய்வு 1/3. முதல் கோட்டின் சாய்வு −3. பெருக்கற்பலன் −1. இரு கோடுகளும் வெட்டும் புள்ளி (3.8, 0.6). ஒன்பது புள்ளி வட்டத்தின் மையம் (2.5, 1.5), ஆரத்தின் வர்க்கம் 2.5. வெட்டும் புள்ளியின் தூர வர்க்கம் 1.69 + 0.81 = 2.5. அது ஒன்பது புள்ளி வட்டத்தின் மேலேயே இருக்கிறது. எந்த விட்டத்தை எடுத்தாலும் இப்படித்தான் அமையும்.

கோடுகள் வரையும் வளைவு

P ஒரு முறை வட்டத்தைச் சுற்றி வரும்போது கோடு அரைச் சுற்றுத் திரும்புகிறது. அதன் நடுவே ஒன்பது புள்ளி வட்டத்தில் ஒரு புள்ளி முழுச் சுற்றுச் சுற்றுகிறது. இந்த எல்லாக் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், அவை தம்மிடையே ஒரு வளைவைத் தொட்டபடி நிற்பது தெரியும். மூன்று கூர்முனைகள் கொண்ட, உள்ளே குழிந்த மூன்று வில்களால் ஆன வளைவு அது. ஜேக்கப் ஸ்டைனர் 1856-ல் இதை ஆராய்ந்தார். கிரேக்க எழுத்தான டெல்டாவின் முக்கோண உருவை ஒத்திருப்பதால் இதை டெல்டாய்டு என்கிறார்கள்.

மூல முக்கோணம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்த வளைவின் மூன்று கூர்முனைகளும் ஒரு சமபக்க முக்கோணமாகவே அமையும். அதன் மையம் ஒன்பது புள்ளி வட்டத்தின் மையம். அந்த வட்டத்தை அது உள்ளே தொட்டபடி இருக்கும். கூர்முனைகள் மையத்திலிருந்து 3R/2 தூரத்தில் இருக்கும். ABC-யின் வடிவம் இந்த வளைவின் அளவையோ உருவத்தையோ மாற்றுவதில்லை. சுற்றுவட்டத்தின் ஆரம் அளவை முடிவு செய்கிறது, கோணங்கள் கூர்முனைகள் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை மட்டும் முடிவு செய்கின்றன. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மூன்று குத்துயரங்களும், முன்பு பார்த்த ஆறு புள்ளிகளின் சிம்சன் கோடுகளே என்பதால், அவை ஆறும் இந்த வளைவைத் தொடுகின்றன. வளைவின் பரப்பு சுற்றுவட்டப் பரப்பில் சரிபாதி. நம் உதாரணத்தில் 5π, ஏறக்குறைய 15.7 ச.செ.மீ.

ஒவ்வொரு சிம்சன் கோட்டிலும் இந்த வளைவுக்குள் அடங்கும் துண்டின் நீளம் எப்போதும் 2R. அதாவது 2R நீளமுள்ள ஓர் ஊசி, வளைவை விட்டு வெளியே போகாமல் அரைச் சுற்றுத் திரும்ப முடியும். 1917-ல் ஜப்பானியக் கணிதர் ககேயா, ஓர் அலகு நீள ஊசியைத் திருப்பத் தேவையான மிகச் சிறிய பரப்பு எது என்று கேட்டபோது, π/8 பரப்புள்ள டெல்டாய்டு விடையாக இருக்கலாம் என்று நம்பப்பட்டது. 1928-ல் பெசிக்கோவிச் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது: எவ்வளவு சிறிய பரப்பைக் கேட்டாலும் அதற்குள் ஊசியைத் திருப்பும் ஓர் உருவத்தை அமைக்கலாம்.

நான்காவது கோடு

பரவளையத்தின் குவியத்திலிருந்து அதன் தொடுகோடுகளுக்குச் செங்குத்து இறக்கினால், அடிகள் எல்லாம் உச்சியில் உள்ள தொடுகோட்டில் விழும் என்பது பரவளையத்தின் அடிப்படைப் பண்பு. இதை எதிர்த்திசையில் படித்தால், சிம்சன் தேற்றம் புதிய பொருள் பெறுகிறது: P-யைக் குவியமாகவும் சிம்சன் கோட்டை உச்சித் தொடுகோடாகவும் கொண்ட பரவளையம், முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் தொடும். மூன்று தொடுகோடுகளால் ஆன முக்கோணத்தின் சுற்றுவட்டம் பரவளையத்தின் குவியம் வழியாகப் போகும் என்று 1761-ல் லாம்பெர்ட் சொன்னதும் இதே உண்மைதான். பரவளையத்தின் இயக்குவரை, சிம்சன் கோட்டுக்கு இணையாக, P-யிலிருந்து இரு மடங்கு தொலைவில் இருக்கும். சிம்சன் கோடு PH-ஐச் சமமாகப் பிரிப்பதால், இயக்குவரை H வழியாகப் போகும். நம் முதல் உதாரணத்தில் P (4, 4)-யின் BC-யிலான பிம்பம் (4, −4). அதிலிருந்து H (2, 2)-க்குச் சாய்வு −3, சிம்சன் கோட்டின் சாய்வேதான்.

இங்கிருந்து மூன்று கோடுகளோடு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த இரண்டும் இணையாகாமல், எந்த மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்காமல் நான்கு கோடுகளை எடுத்தால், மூன்று மூன்றாக நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் நான்கு சுற்றுவட்டங்களும் ஒரே புள்ளி வழியாகப் போகின்றன என்று 1804-ல் எழுதியவர், மறுபடியும், வாலஸ். அந்தப் பொதுப் புள்ளி நான்கு முக்கோணங்களின் சுற்றுவட்டங்களிலும் இருப்பதால், அதிலிருந்து நான்கு கோடுகளுக்கும் இறக்கும் அடிகள் நான்கும் ஒரே கோட்டில் நிற்கும். நான்கு முக்கோணங்களுக்கும் அதுவே பொதுவான சிம்சன் கோடு. நான்கு கோடுகளையும் தொடும் பரவளையம் ஒன்றே ஒன்றுதான். அதன் குவியம் அந்தப் புள்ளி. ஐந்தாவது கோட்டை இதில் சேர்த்தால் ஒற்றுமை பொதுவாக முறிந்துவிடும், ஐந்தாவது கோடும் அதே பரவளையத்தைத் தொட்டாலொழிய.

தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால், வட்டத்துக்கு வெளியே அடிமுக்கோணம் ஒரு திசையிலும் உள்ளே மறு திசையிலும் சுழல்கிறது. சுற்றுவட்டத்தில் மட்டும் அது எந்தத் திசையும் இன்றித் தட்டையாகக் கிடக்கிறது. தாலமியின் சமன்பாடும், H வழியாகப் போகும் இயக்குவரையும், மூன்று கூர்முனை வளைவும் அந்தத் தட்டையான முக்கோணத்தை வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்த்தவர்கள் எழுதி வைத்தவை. வாலஸ் 1799-ல் அச்சிட்ட தேற்றம் இதன் முதல் வரி.